நவம்பர் 30: போன வருடப் பில்லுக்கு இன்புட் எடுக்கக் கடைசித் தேதி – எங்கள் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகள்

நவம்பர் 30, நவம்பர் 30னு வாட்ஸ்அப்ல அனுப்பிக்கிட்டே இருக்கீங்களே, அன்னைக்கு அப்படி என்னதான் முடியுது?

2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை தேதி போட்ட கொள்முதல் பில்கள் உங்களிடம் இருக்கின்றன அல்லவா, அந்தப் பில்களில் நீங்கள் கொடுத்த ஜி.எஸ்.டி.யை உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை 2026 நவம்பர் 30-ஆம் தேதியோடு போய்விடும். கடையில் நாம் "இன்புட்" என்று சொல்வது இதைத்தான். சட்டத்தில் இது 16(4)-ஆம் பிரிவு. 2022 வரை செப்டம்பர் மாத ரிட்டர்னின் கெடு தேதிதான் எல்லையாக இருந்தது. அந்த வருட நிதிச் சட்டத்தில்தான் நவம்பர் 30 வரை தள்ளினார்கள்.

மற்ற கெடுக்களில் தாமதமானால் அபராதம், வட்டி என்று ஏதாவது கட்டித் தப்பிக்கலாம். இங்கே அந்த வழியே கிடையாது. டிசம்பர் 1-ஆம் தேதி வந்து, "வட்டியோட கட்டிடறேன், இன்புட்டைக் கொடுங்க" என்று கேட்க முடியாது. அதனால்தான் நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருக்கிறோம்.

30-ஆம் தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல, 28, 29 வாக்குல பில்லையெல்லாம் கொண்டு வந்தா போதாதா?

போதாது. எல்லாரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பில் கையில் இருந்தால் மட்டும் இன்புட் கிடைக்காது. உங்களுக்கு விற்றவர் அந்தப் பில்லைத் தன் விற்பனை விவர ரிட்டர்னான GSTR-1-ல் ஏற்றி, போர்ட்டல் மாதாமாதம் உங்களுக்காகத் தயாரிக்கும் இன்புட் பட்டியலான GSTR-2B-யில் அது வந்திருக்க வேண்டும். அப்புறம்தான் நீங்கள் வரி கட்டும் ரிட்டர்னான GSTR-3B-யில் எடுக்கலாம். நவம்பர் 30-க்குள் நீங்கள் போடக்கூடிய கடைசி GSTR-3B அக்டோபர் மாதத்துக்கானது. நவம்பர் மாத ரிட்டர்னை டிசம்பரில்தான் போட முடியும் என்பதால் அது இந்தக் கணக்கில் வராது.

அக்டோபர் மாத GSTR-2B நவம்பர் 14-ஆம் தேதி உருவாகும். அதில் உங்கள் பில் வர வேண்டும் என்றால், மாதாமாதம் ரிட்டர்ன் போடும் சப்ளையர் தன் அக்டோபர் GSTR-1-ஐ நவம்பர் 11-க்குள் போட்டிருக்க வேண்டும். அவர் 12-ஆம் தேதி போட்டால் பில் அடுத்த மாத 2B-க்குத் தள்ளிப்போய், டிசம்பரில் "ITC Not Available" என்ற பகுதியில் உட்கார்ந்துகொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆகவே தாளில் இருக்கும் தேதி நவம்பர் 30, நடைமுறைத் தேதி நவம்பர் 11. அந்த 11-ஆம் தேதியும் உங்கள் கையில் இல்லை, சப்ளையர் கையில் இருக்கிறது. அவரைப் பிடித்து, பேசி, திருத்த வைக்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் அக்டோபர் நடுவிலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் ஒவ்வொரு வருடமும் மாட்டுகிறார்கள், 2026-இல் தீபாவளி நவம்பர் 8 வேறு.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன், எனக்குத் தேதியெல்லாம் குழப்புது.

சரி. திருப்பூரில் ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 2026 மார்ச் 15-ஆம் தேதி கோயம்புத்தூர் சப்ளையரிடம் 4,00,000 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்குகிறார். 18 சதவீதம் வரி, அதாவது சி.ஜி.எஸ்.டி. 36,000, எஸ்.ஜி.எஸ்.டி. 36,000, ஆக மொத்தம் 72,000. பணம் முழுவதையும் வங்கி வழியாகக் கொடுத்துவிட்டார், பில்லும் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. அவர் மனதில் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

அக்டோபர் மூன்றாவது வாரம் எங்கள் ஆபீஸில் ஒத்துப் பார்க்கும்போது அந்தப் பில் எந்த மாத 2B-யிலும் இல்லை என்று தெரிகிறது. சப்ளையரிடம் கேட்டால், "நாங்க மார்ச் மாசமே வரி கட்டிட்டோமே" என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. அவர் ஆபீஸில் பில்லை ஏற்றியவர், வாங்கியவரின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடாமல், சாதாரணப் பொதுமக்களுக்கு விற்ற கணக்கில் மொத்தமாகச் சேர்த்துவிட்டிருக்கிறார். அரசுக்கு வரி போய்விட்டது, ஆனால் யாருக்காகப் போனது என்ற விவரம் இல்லை.

இதற்கு வழி உண்டு. சப்ளையர் தன் அக்டோபர் GSTR-1-ல் அந்தப் பொதுக் கணக்கிலிருந்து 4,00,000-ஐத் திருத்திக் குறைத்துவிட்டு, அதே பில்லை அதே மார்ச் தேதியோடு உங்கள் எண் போட்டு ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் கூடி இன்னொரு பக்கம் குறைவதால் அவருக்குப் புதிதாக ஒரு ரூபாய் வரி வராது. அவரிடம் பேசும்போது முதலில் இதைச் சொல்லுங்கள், பாதி எதிர்ப்பு அதிலேயே கரைந்துவிடும்.

அவர் நவம்பர் 11-க்குள் இதைச் செய்தால், 14-ஆம் தேதி உங்கள் 2B-யில் 72,000 தெரியும், 20-ஆம் தேதி போடும் GSTR-3B-யில் 4(A)(5) கட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். அவர் செய்யவில்லை என்றால் அந்த 72,000-ஐ உங்கள் விற்பனை வரிக்காக நீங்கள் மறுபடியும் கையிலிருந்து கட்டுகிறீர்கள். மெஷின் விலை 4,00,000 இல்லை, 4,72,000.

சப்ளையர் பில்லை எங்கேயுமே காட்டாமல் விட்டிருந்தால் கதை வேறு. இப்போது காட்டும்போது வரியோடு 18 சதவீத வட்டியும் அவர் தலையில் விழும். அப்படிப்பட்டவர்தான் போனை எடுக்க மாட்டார். அவருக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் 2B-யில் பில் தெரியும் வரை குறைந்தபட்சம் வரித் தொகையையாவது நிறுத்தி வையுங்கள் என்பது எங்கள் யோசனை. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் உங்கள் கையில் பிடி இல்லை.

நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் ரிட்டர்ன் போடுறேன். எனக்கும் இதே தேதிதானா?

சட்டத்தில் அதே தேதி. நடைமுறையில் உங்களுக்கு ஒரு மாதம் குறைவு.

காலாண்டுத் திட்டத்தில் இருப்பவருக்கு அக்டோபர் மாதத்துக்குத் தனி GSTR-3B கிடையாது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றுக்கும் சேர்த்து ஜனவரியில்தான் போடுவீர்கள். ஆக நவம்பர் 30-க்கு முன்னால் உங்களுக்கு இருக்கும் கடைசி ரிட்டர்ன் ஜூலை–செப்டம்பர் காலாண்டுடையது. தமிழ்நாட்டில் அதன் கெடு அக்டோபர் 22. அதற்கான 2B அக்டோபர் 14-ஆம் தேதியே உருவாகிவிடும். கெடு தாண்டி நவம்பரில் போட்டாலும், அக்டோபர் நடுவுக்கு மேல் சப்ளையர் ஏற்றும் பில் அந்தக் காலாண்டின் 2B-க்குள் வராது. அதாவது மேலே சொன்ன திருப்பூர் யூனிட் காலாண்டுத் திட்டத்தில் இருந்தால், அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தவறைக் கண்டுபிடித்ததே தாமதம்.

இதற்கு ஒரு கதவு இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரிவதில்லை. அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கு இந்தத் திட்டத்திலிருந்து வெளியேற ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 31 வரை போர்ட்டலில் வாய்ப்பு உண்டு. அக்டோபர் 31-க்குள் மாதாந்திர ரிட்டர்னுக்கு மாறிவிட்டால், அக்டோபர் மாதத்துக்கே தனியாக GSTR-3B வந்துவிடும், கூடவே நவம்பர் 11 வரை மூச்சுவிட நேரமும் கிடைக்கும். மூன்று மாதம் மாதாமாதம் ரிட்டர்ன் போடும் தொல்லை இருக்கிறது, சிறு தொகைக்கு இது தேவையில்லை. ஆனால் 72,000 தொங்கிக்கொண்டிருந்தால் நாங்கள் யோசிக்காமல் மாற்றிவிடுவோம்.

உங்கள் சப்ளையர் காலாண்டுக்காரராக இருந்தால் அவருக்கும் வழி உண்டு. அக்டோபர் மாதப் பில்களை IFF என்ற வசதி வழியாக நவம்பர் 1 முதல் 13 வரை ஏற்றலாம். அவர் "நான் ஜனவரியிலதான் போடுவேன்" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மார்ச் 31 தேதி போட்ட பில், சரக்கு ஏப்ரல் 4-ஆம் தேதிதான் குடோனுக்கு வந்துச்சு. இது எந்த வருஷக் கணக்கு?

பில் தேதிதான் பேசும். 2026 மார்ச் 31 பில் என்றால் 2026 நவம்பர் 30 எல்லை. அதே பில்லை சப்ளையர் ஏப்ரல் 1 என்று போட்டிருந்தால் உங்களுக்கு 2027 நவம்பர் 30 வரை நேரம் கிடைத்திருக்கும். ஒரு நாள் வித்தியாசம், ஒரு வருட அவகாசம். வருடக் கடைசி வாரத்துப் பில்களைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கொள்முதல் கணக்கில் ஏப்ரலில் ஏறியிருக்கும், 2B-யில் மார்ச்சில் இருக்கும், இரண்டு வருடத்தையும் தனித்தனியாக ஒத்துப் பார்ப்பவர் இரண்டிலும் விட்டுவிடுவார்.

டெபிட் நோட்டுக்கு அதன் சொந்தத் தேதியை வைத்துத்தான் கணக்கு, மூலப் பில்லின் தேதியை வைத்து அல்ல.

பில் போர்ட்டல்ல தெரியுது, ஆனா 2B-ல வரலை. அது எப்படி?

உங்கள் ஆபீஸில் யாரோ IMS பக்கத்துக்குள் போய்ப் பட்டனை அழுத்தியிருப்பார்கள். 2024 அக்டோபரிலிருந்து சப்ளையர் ஏற்றும் பில்கள் முதலில் அந்தப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் விட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு 2B-க்கு அனுப்பிவிடும். "Reject" அழுத்தினால் போகாது. "Pending" அழுத்தினாலும் போகாது, நீங்கள் முடிவு சொல்லும் வரை அங்கேயே கிடக்கும்.

இந்த "Pending"தான் ஆபத்து. சரக்கு வரவில்லை, அளவில் தகராறு என்று மார்ச்சில் நியாயமான காரணத்துக்காக நிறுத்தி வைத்திருப்பீர்கள். மே மாதம் சரக்கு வந்துவிடும், தகராறும் தீர்ந்துவிடும், அந்தப் பட்டன் மட்டும் யார் நினைவிலும் இருக்காது. எங்களிடம் வந்த ஒரு வாடிக்கையாளருக்கு இப்படிப் பதினோரு பில் கிடந்தது. அழுத்திய பையன் வேலையை விட்டே போய்விட்டான். அக்டோபர் GSTR-3B போடும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, நிற்பவற்றைப் பார்த்து "Accept" கொடுத்து, 2B-யை மறுபடி கணக்கிடச் செய்துவிட்டுத்தான் தாக்கல் செய்ய வேண்டும். 14-ஆம் தேதிக்கு அப்புறம் செய்தால் இந்த மறுகணக்கு தானாக நடக்காது, நீங்களே பட்டனை அழுத்த வேண்டும்.

எது வந்திருக்கு, எது வரலைன்னு நானே பார்க்க முடியுமா?

முடியும். 2025 ஏப்ரலிலிருந்து இன்றுவரை எல்லா மாத GSTR-2B-யையும் எக்செல் கோப்பாக இறக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள். உங்கள் கொள்முதல் கணக்கையும் அதேபோல வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சப்ளையருக்கும் வருட மொத்த வரி ஒத்துப்போகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஒத்துப்போனவரை விட்டுவிடலாம். போகாதவருக்கு மட்டும் பில் பில்லாக இறங்கினால் போதும். பில் எண்ணை வைத்துத் தேட ஆரம்பித்தால் உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், ஏனென்றால் நீங்கள் 45 என்று எழுதியிருப்பீர்கள், அவர் INV/045/25-26 என்று ஏற்றியிருப்பார்.

இதை இரண்டு பக்கமாகவும் பார்க்க வேண்டும். கணக்கில் இருந்து 2B-யில் இல்லாதவற்றைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். 2B-யில் இருந்து கணக்கில் இல்லாதவை சும்மா கிடைக்கிற பணம். வங்கி பிடிக்கும் சேவைக் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி., கூரியர், கடையின் தீ இன்சூரன்ஸ், ஆன்லைனில் வாங்கிய பிரிண்டர் என்று சின்னச் சின்னதாக இருக்கும். பில் தாளாக வராததால் யாரும் கணக்கில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிவிடாதீர்கள். முதலாளியின் கார், ஹோட்டல் சாப்பாடு போன்றவற்றுக்குச் சாதாரணமாக இன்புட் கிடையாது, 2B-யில் வந்திருந்தாலும் கிடையாது.

சில மாச ரிட்டர்னே இன்னும் போடலை. மொத்தமா டிசம்பர்ல போட்டுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே மோசமான நிலைமை இதுதான். 2026 ஜனவரி முதல் மார்ச் வரையிலான GSTR-3B-க்களை நவம்பர் 30 தாண்டிப் போட்டால், அந்த மூன்று மாத விற்பனை வரி முழுவதும் கட்ட வேண்டும், அந்த மூன்று மாத இன்புட் முழுவதும் போச்சு. ஒரு பில் இரண்டு பில் இல்லை, எல்லாமே. பத்து லட்சத்துக்கு வாங்கிப் பதினோரு லட்சத்துக்கு விற்றவர், ஒரு லட்சத்தின் மேல் வர வேண்டிய வரிக்குப் பதிலாகப் பதினோரு லட்சத்தின் மேல் வரி கட்டுவார். 18 சதவீதப் பொருள் என்றால் 18,000 எங்கே, 1,98,000 எங்கே. இதில் வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்க்கவில்லை.

ஒரு மாத ரிட்டர்னை விட்டுவிட்டு அடுத்ததைப் போடப் போர்ட்டல் விடாது, வரிசையாகத்தான் வர வேண்டும். கட்டப் பணம் இல்லாமல்தான் பலர் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். கைமாற்று வாங்கியாவது இதைக் கட்டிவிடுவது மலிவு.

சப்ளையருக்கு இன்னும் பணமே கொடுக்கலை. கொடுத்தப்புறம்தானே இன்புட் எடுக்கணும்?

இல்லை, இப்போதே எடுங்கள். பணம் கொடுக்கப் பில் தேதியிலிருந்து 180 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் கொடுக்கவில்லை என்றால் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், அப்புறம் என்றைக்குப் பணம் கொடுக்கிறீர்களோ அன்றைக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அந்த மறுபடி எடுப்பதற்கு நவம்பர் 30 என்ற எல்லை கிடையாது. ஆனால் முதல் தடவை எடுப்பதற்கு உண்டு. "பணம் கொடுக்காமல் எடுப்பது நியாயமில்லை" என்று நல்ல மனதோடு காத்திருந்தவர்கள் மொத்தமாக இழந்திருக்கிறார்கள்.

தேதி போயிடுச்சு, ஆனா பில் உண்மையானது, பணமும் கொடுத்தாச்சு. ஓரமா எடுத்து விட்டுட்டா யாருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டருக்குத் தெரியும். 2B-யில் தகுதியாகக் காட்டும் தொகையைவிட நீங்கள் எடுத்தது அளவுக்கு மீறி அதிகமானால் DRC-01C என்று அறிவிப்பு வரும், ஏழு நாளில் பதில் சொல்லவில்லை என்றால் அடுத்த GSTR-1 போட முடியாமல் நிற்கும். தவறாக எடுத்துப் பயன்படுத்திவிட்டால் 18 சதவீத வட்டி. நாங்கள் அப்படிப் போட்டுத் தர மாட்டோம், கேட்காதீர்கள்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. இழந்த வரி உங்கள் செலவோடு சேரும். மெஷின் என்றால் அதன் விலையோடு சேர்ந்து வருமான வரியில் தேய்மானமாகக் கழியும். 72,000 போய்ப் பத்துப் பதினைந்தாயிரம் பல வருடங்களில் திரும்பும் மாதிரி. வருமான வரியில் உத்தேச லாபம் காட்டுபவருக்கு அதுவும் இல்லை.

நான் விக்கிறவன். எனக்கு இந்தத் தேதியால ஒண்ணும் இல்லைல்ல?

இருக்கிறது. போன வருட விற்பனைக்குச் சரக்கு திரும்பி வந்தது, விலை குறைத்தீர்கள் என்றால், அதற்கான கிரெடிட் நோட்டை வைத்து உங்கள் வரியைக் குறைக்கவும் இதே நவம்பர் 30தான் எல்லை. நீங்கள் தவறான எண்ணில் ஏற்றிய பில்களைத் திருத்துவதற்கும் இதேதான். உங்களிடம் வாங்கியவர் அக்டோபரில் போன் செய்தால் எடுங்கள்.

நாங்க காம்போசிஷன்ல இருக்கோம்.

உங்களுக்கு இன்புட்டே கிடையாது. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வியாபாரத்தைப் பாருங்கள்.

வருடாந்திர ரிட்டர்னைச் சீக்கிரமே முடிச்சிடலாம்னு இருக்கேன், நல்லதுதானே?

கொஞ்சம் பொறுங்கள். நவம்பர் 30 அல்லது GSTR-9 போட்ட நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் எல்லை. செப்டம்பரில் GSTR-9 போட்டால் உங்கள் வாசல் செப்டம்பரிலேயே மூடிவிடும். ஒத்துப் பார்க்கும் வேலை முடிந்த பிறகு போடலாம்.

சரி, உங்களுக்கு நான் என்ன அனுப்பணும், எப்போ?

2025-26 முழு வருடத்துக்கான கொள்முதல் பேரேடு, அதே காலத்து வங்கிக் கணக்கு அறிக்கை, IMS-ல் நீங்கள் ஏதாவது அழுத்தியிருந்தால் அந்த விவரம். பில்களை இப்போது அனுப்ப வேண்டாம், கேட்கும்போது கேட்பவற்றை மட்டும் அனுப்பினால் போதும். காலாண்டுக்காரர்கள் செப்டம்பர் 20-க்குள், மாதாந்திரக்காரர்கள் அக்டோபர் 10-க்குள் அனுப்புங்கள். 2B-யில் வராத பில்களின் பட்டியலைச் சப்ளையர் வாரியாகப் பிரித்து உங்களுக்குத் திருப்பி அனுப்புவோம். சப்ளையரிடம் போனில் பேசுவது நீங்கள்தான், ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பேசினால் "சார் வெளியூர் போயிருக்காரு" என்றுதான் பதில் வருகிறது.